சிம்லாவில் தீட்டிய தென்னாடு

ஓவிய வகுப்பில் பந்து வரையச் சொன்னால் முதலில் வட்டம் போடுவோம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தைப் பென்சிலால் தேய்த்துக் கறுப்பாக்குவோம். கீழே தரையில் ஒரு நிழலும் விழும். உடனே தட்டையான வட்டம் உருண்டையாகிவிடும். நிழல் போடத் தெரிந்தவருக்குத்தான் படம் போடத் தெரியும் என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

அந்த வித்தையைப் பாரிஸ் நகரத்தின் மிகச் சிறந்த ஓவியப் பள்ளியில் கற்றுத் தேர்ந்து, இருபது வயதில் அதற்காகப் பதக்கமும் வாங்கி, பிறகு அதை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டவர் அம்ரிதா ஷேர்-கில். அவர் ஏன் கைவிட்டார், கைவிட்ட இடத்தில் எதை வைத்தார் என்று தெரிந்துகொண்டால் அவருடைய வாழ்க்கையில் பாதி நமக்குத் தெரிந்துவிடும். மீதிப் பாதி ஊர் ஊராகப் போன கதை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்ரிதா 1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பிறந்தார். அப்பா உம்ராவ் சிங் ஷேர்-கில், பஞ்சாபின் மஜீதியா என்ற பெரிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர். கேமரா இந்தியாவில் அபூர்வமாக இருந்த காலத்திலேயே புகைப்படக் கலையில் ஊறியவர். அம்மா மரீ அந்துவானெத் ஹங்கேரிக்காரர், பியானோ வாசிப்பவர், பாடகி. முதல் மகள் பிறந்த அடுத்த ஆண்டே இரண்டாவது மகள் இந்திரா பிறந்தாள். அந்த ஆண்டுதான் முதல் உலகப் போரும் தொடங்கியது. இந்தியாவுக்குத் திரும்ப வழியில்லாமல் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்கிப்போனது. 1921இல்தான் கப்பல் ஏறினார்கள். அப்போது அம்ரிதாவுக்கு எட்டு வயது.

சிம்லாவில் சம்மர் ஹில் என்ற பகுதியில் வீடு. அக்காவும் தங்கையும் பியானோவும் வயலினும் கற்றார்கள், நாடகம் போட்டார்கள். அம்ரிதா கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்தாள். அம்மாவின் தம்பி எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர், ஓவியமும் பயின்றவர். அவர் இந்தியா வந்திருந்தபோது மருமகளின் படங்களைப் பார்த்துவிட்டு, கற்பனையில் வரைந்தது போதும், கண் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்து வரை என்றார். வீட்டு வேலைக்காரர்களே முதல் மாடல்கள் ஆனார்கள். இந்த ஒரு பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1929இல், மகளுக்குப் பதினாறு வயதானபோது, ஓவியம் படிப்பதற்காகவே குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. சிறிது காலத்தில் எக்கோல் தே போஸார் என்னும் புகழ்பெற்ற அரசுக் கலைப் பள்ளியில் லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். அங்கே பயிற்சி கடுமையானது. மாடல் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் கரித்துண்டால் எலும்பும் தசையும் வெளிச்சமும் நிழலும் சரியாக அமையும்வரை வரைந்து அழித்து வரைவார்கள். அது கைவந்த பிறகுதான் தைல வண்ணம். அம்ரிதா இந்தப் பயிற்சியில் முழுதாக மூழ்கினார். தங்கையை, தோழிகளை, தன்னையே கண்ணாடியில் பார்த்து, சளைக்காமல் தீட்டினார்.

1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்' என்ற படத்தில் இருவர் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி தங்கை இந்திரா, நிமிர்ந்து உட்கார்ந்து எதிரே இருப்பவளைப் பார்க்கிறாள். மற்றவள் ஒரு பிரெஞ்சுத் தோழி. பொன்னிறக் கூந்தல் முன்னால் சரிந்து அவள் முகத்தை மறைத்திருக்கிறது. ஒருத்தி தெளிவாகத் தெரிகிறாள், இன்னொருத்தி தனக்குள் ஒளிந்திருக்கிறாள். துணியின் மடிப்பு, தோலின் மினுக்கம், அறையின் மங்கல் எல்லாம் பள்ளி சொல்லித்தந்த முறையில் பிசகில்லாமல் வந்திருக்கின்றன. அடுத்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் இந்தப் படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கேயே இருந்திருந்தால் ஐரோப்பாவில் நல்ல பெயரோடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1934இன் இறுதியில் இந்தியா திரும்பினார். அவருடைய நிறங்களின் செழுமையைப் பார்த்து, உன் இடம் இந்தச் சாம்பல் நிற ஐரோப்பிய ஓவியக் கூடங்கள் அல்ல, கிழக்குத் திசை என்று ஆசிரியரே சொல்லியிருந்ததை அம்ரிதா பின்னாளில் எழுதியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் சிம்லா மலைவாசிகளைத் தீட்டினார். 'மலை ஆண்கள்', 'மலைப் பெண்கள்' என்ற இரு படங்களும் 1935இல் வந்தவை. நெடிதுயர்ந்த, மெலிந்த உருவங்கள், போர்த்திய துணிகள், எங்கோ பார்க்கும் கண்கள். 'மலைப் பெண்கள்' 1978இல் இந்திய அஞ்சல் தலையாகவும் வெளிவந்தது.

அதே 1935இல் தீட்டியதுதான் 'மூன்று பெண்கள்'. பாடப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் நீங்கள் இதைப் பார்த்திருக்கக்கூடும். மூன்று இளம்பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தியும் நம்மைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை. கைகள் வேலையின்றி மடியில் கிடக்கின்றன. பின்னால் சன்னலோ மரமோ சாமானோ எதுவும் இல்லை, வெறும் சுவர். சிவப்பும் பச்சையும் காவியும் கலந்த உடைகள் மட்டும் அந்த மௌனத்தின் நடுவே எரிகின்றன. தங்கள் வாழ்க்கையை வேறு யாரோ தீர்மானிக்கக் காத்திருக்கும் பெண்கள் என்று இதற்குப் பலரும் பொருள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பம்பாய் கலைச் சங்கம் 1937இல் இதற்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

பரிசு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 1935இல் சிம்லா கலைச் சங்கக் கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் அனுப்பினார். ஐந்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, எடுத்துக்கொண்ட ஐந்தில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். அம்ரிதா பரிசை ஏற்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பி வந்த படங்களே நல்லவை என்பது அவர் கட்சி. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

ஆனால் இந்தக் காலத்துப் படங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. வசதியான வீட்டின் மகள் ஏழை மலைவாசிகளைப் பார்த்துத் தீட்டிய படங்கள் இவை. எல்லோர் முகத்திலும் ஒரே சோகம். மலைவாசிகள் சிரிக்கவே மாட்டார்களா? தன் இரக்கத்தை அவர்கள் முகத்தில் பூசிவிட்டார் என்றே நினைக்கத் தோன்றும். நிறத்திலும் வடிவத்திலும் இந்தியா வந்துவிட்டது, மனிதர்கள் இன்னும் வரவில்லை. அவர்களை வரவழைத்தது ஒரு பயணம்.

1936 நவம்பரில் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் அவர் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அங்கே கார்ல் கண்டாலாவாலா என்ற இளம் வழக்கறிஞர், கலை விமர்சகர், நண்பரானார். பழைய ராஜபுத்திர, பஹாரி சிற்றோவியங்களை அம்ரிதாவின் கண்முன் கொண்டுவந்தவர் அவர். பம்பாயிலிருந்து அஜந்தாவுக்குப் புறப்பட்டார் அம்ரிதா.

அஜந்தா ஓவியர்களின் முறையைக் கொஞ்சம் விளக்கினால்தான் அவர் கண்டது நமக்குப் புரியும். குகைச் சுவரில் களிமண் சாந்து பூசி, அதன்மேல் மெல்லியதாகச் சுண்ணாம்பு தடவி, முதலில் கோட்டால் உருவத்தை எழுதினார்கள். பிறகு காவி, மஞ்சள், பச்சை, விளக்குக் கரி, வெள்ளை என்று மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்களை அந்தக் கோட்டுக்குள் நிரப்பினார்கள். கடைசியில் கோட்டை மறுபடி எழுதி முடித்தார்கள். மேனி திரண்டு தெரிய ஓரங்களில் நிறத்தைச் சற்று அழுத்தமாகத் தடவுவார்கள், அவ்வளவுதான். ஒரு பக்கமிருந்து விளக்கடித்ததுபோல் வெளிச்சமும் இல்லை, தரையில் விழும் நிழலும் இல்லை. ஆனாலும் உருவங்கள் கனமாக, உயிரோடு நிற்கின்றன. கறுத்த மேனிக்குப் பக்கத்தில் வெளுத்த மேனியை வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று முன்னே தள்ளுகின்றன. நிழல் செய்யும் வேலையை அங்கே பக்கத்து நிறம் செய்கிறது.

பாரிஸில் ஐந்தாண்டு படித்தவர், தன் படிப்புக்கு வெளியே முழுமையான இன்னொரு படிப்பு இருப்பதை அந்தக் குகைகளில் கண்டார்.

பயணம் தெற்கே நீண்டது. ஐதராபாத்தில் கலைப்பொருள் சேகரிப்பில் பேர்போன சாலார் ஜங்கிடம் தம் படங்களைக் காட்டினார், ஒன்றும் விற்கவில்லை. 1937இன் தொடக்கத்தில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் ராமாயணக் காட்சிகள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றின் முன்னால் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். கன்னியாகுமரியில் கண்ட காட்சியிலிருந்து 'பழம் விற்பவர்கள்' என்ற படம் பிறந்தது.

சுவர்களோடு மனிதர்களையும் பார்த்தார். வெள்ளை வேட்டியும் வெள்ளைப் புடவையும், அவற்றுக்குள் மின்னும் கறுத்த மேனியும், செம்மண்ணும் பசுமையும் அவரை வியக்க வைத்தன. வடக்கே குளிருக்குப் போர்த்திக்கொண்ட உடம்புகளையே தீட்டியவர், இங்கே வெயிலில் மேலாடையின்றி நடமாடும் உடம்புகளைக் கண்டார்.

சிம்லா வீட்டுக்குத் திரும்பி, குறிப்புப் படங்களையும் நினைவையும் வைத்துக்கொண்டு அந்த ஆண்டே மூன்று பெரிய படங்களைத் தீட்டினார். 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார்'. தென்னாட்டு முப்படங்கள் என்று இவற்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

இவற்றில் 'பிரம்மச்சாரிகள்' படத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். ஐந்து இளைஞர்கள் தரையில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். திறந்த மார்பு, பூணூல், இடுப்பில் வெள்ளை வேட்டி. பின்னால் மண் நிறத்தில் ஒரு வெற்றுப் பரப்பு. கதையும் இல்லை, நிகழ்ச்சியும் இல்லை. இதை எப்படிப் படமாக நிறுத்துவது?

முதலில் மேனிகளைக் கவனியுங்கள். ஐவருக்கும் ஒரே பழுப்பு கிடையாது. ஒருவர் வெளுப்பு, ஒருவர் மாநிறம், ஒருவர் நல்ல கறுப்பு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் கிடைக்காது. ஒருவரைப் பக்கத்திலிருப்பவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த மேனி நிறங்களின் வேறுபாடுதான். அடுத்து வேட்டிகள். வெள்ளை என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். படத்தில் ஒரு வெள்ளை நீலத்தின் பக்கம் சாய்கிறது, இன்னொன்று மஞ்சளின் பக்கம் சாய்கிறது. டியூபிலிருந்து பிதுக்கிய வெள்ளையை அப்படியே பூசியிருந்தால் ஐந்து வேட்டிகளும் ஒட்டிக்கொண்டு ஒரே வெள்ளைத் துண்டாகியிருக்கும். மூன்றாவது, முகங்கள். இங்கே மலைப் படங்களின் சோகம் இல்லை. அமைதி இருக்கிறது, கொஞ்சம் விலகலும் இருக்கிறது, ஆனால் அது அவர்களுடையதாகவே இருக்கிறது. ஓவியர் தன் இரக்கத்தை அவர்கள்மேல் ஏற்றவில்லை.

'மணமகள் அலங்காரம்' இதே வழியில் இன்னும் துணிந்து போகிறது. நடுவில் வெளுத்த மேனியோடு மணப்பெண், சுற்றிலும் கறுத்த மேனிப் பெண்களும் சிறுவர்களும். மணப்பெண்ணின் உள்ளங்கைகள் மட்டும் சிவந்திருக்கின்றன. படம் முழுவதும் அடங்கிய நிறங்களாக இருப்பதால் நம் கண் தானாக அந்தக் கைகளில் போய் நிற்கிறது. கல்யாண வீட்டின் ஆரவாரம் எதுவும் இல்லை. மருதாணிக் கைகள் இரண்டே சொல்லிவிடுகின்றன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அம்ரிதா அஜந்தாவைப் பார்த்து அப்படியே எழுதியவர் அல்லர். வங்காள ஓவியர்கள் பலர் அஜந்தா உருவங்களையும் புராணக் காட்சிகளையும் மெல்லிய நீர்வண்ணத்தில் திரும்ப எழுதிவந்த காலம் அது. அது பழமையின் நகல் என்று அம்ரிதா வெளிப்படையாகவே கண்டித்தார். அவர் தைல வண்ணத்தையும் கேன்வாஸையும் விடவில்லை. பாரிஸில் கற்ற உடலமைப்பையும் விடவில்லை. சுவர் ஓவியர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது உருவத்தை எளிமையாக்கும் முறையையும், நிறத்தை நிறத்தால் நிறுத்தும் முறையையும்தான். அதனால்தான் அந்தப் படங்கள் அஜந்தா போலவும் இல்லை, பாரிஸ் போலவும் இல்லை.

1938இல் ஹங்கேரிக்குப் போய் தன் உறவினரான மருத்துவர் விக்டர் எகானை மணந்துகொண்டார். மறு ஆண்டு இருவரும் இந்தியா வந்தனர். கோரக்பூர் பக்கம் சராயா என்ற ஊரில் குடும்பத்தின் சர்க்கரை ஆலை இருந்தது. அங்கேதான் வாழ்க்கை. நகரத்து நண்பர்கள் இல்லை, கலை பேச ஆளில்லை, கோடை வெயில் சுட்டெரித்தது. ஆனால் அவருடைய மிக இனிய படங்கள் சிலவற்றை அந்த ஊர்தான் தந்தது.

சராயாவில் அவர் கண்ணில் பட்டது வீட்டின் உட்பக்கம். மஞ்சள் அரைக்கும் பெண்கள், ஊஞ்சல் ஆடும் பெண்கள், பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் கிழவர். பஹாரி சிற்றோவியங்களின், குறிப்பாகப் பசோலிப் பாணியின், சூடான சிவப்பும் மஞ்சளும் இப்போது அவர் தூரிகைக்கு வந்துவிட்டன. படங்களின் அளவும் சிறிதாயிற்று.

1940இல் தீட்டிய 'கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்' அவர் படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு உடை அணிந்த பெண் ஒருத்தி கட்டிலில் சாய்ந்து கிடக்கிறாள். பக்கத்தில் வயதான பெண் ஒருத்தி விசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள். கட்டில் கால்களும் சிவப்பு. அந்தச் சிவப்பு உடையிலிருந்து கட்டில் காலுக்கும், அங்கிருந்து மறுபடி உடைக்கும் நம் கண் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூங்கவும் முடியாத, எழுந்து போகவும் இடமில்லாத மத்தியானத்தின் புழுக்கம் முழுவதும் அந்தச் சுற்றலில் இருக்கிறது. 1935இன் மூன்று பெண்களும் காத்திருந்தார்கள், இவளும் காத்திருக்கிறாள். ஆனால் அவர்களைப் பார்த்து நாம் பரிதாபப்பட்டோம். இவளோடு சேர்ந்து நமக்கும் வியர்க்கிறது. ஐந்தே ஆண்டுகளில் அவர் வந்து சேர்ந்த தூரம் இது.

1941 செப்டம்பரில் இருவரும் லாகூருக்குக் குடிபோனார்கள். கலைஞர்களும் எழுத்தாளர்களும் நிறைந்த நகரம் அது. டிசம்பரில் அங்கே பெரிய கண்காட்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது. தங்கியிருந்த வீட்டு மேல்தளத்திலிருந்து தெரிந்த வீடுகளையும் கறுத்த எருமைகளையும் கேன்வாஸில் எழுதத் தொடங்கினார். அதில் ஆள் இல்லை, முகம் இல்லை. வெறும் வடிவங்களும் நிறங்களும்தான். புதிதாக ஒரு பக்கம் திரும்புகிறார் என்பது தெரிகிறது. படம் முடியவில்லை. சில நாளே நீடித்த நோய், 1941 டிசம்பர் 5 அன்று உயிரைக் கொண்டுபோயிற்று. வயது இருபத்தெட்டு. ராவி நதிக்கரையில் தகனம் செய்தார்கள்.

உயிரோடிருந்தபோது அவர் படங்கள் அதிகம் விலைபோகவில்லை. 2023 செப்டம்பரில், 1937இல் தீட்டிய 'கதை சொல்பவர்' என்ற படம் ஏலத்தில் 61 கோடியே 80 லட்சம் ரூபாய்க்குப் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. விலையைவிட முக்கியமான இன்னொரு செய்தி உண்டு. 1976இல் அரசு அவருடைய படங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. இந்தியாவில் இருக்கும் அவர் படம் எதையும் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது.

தங்கை இந்திராவின் கதையிலும் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் வருகிறது. இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையரான கே.வி.கே. சுந்தரம்தான் இந்திராவின் கணவர். அவர்களுடைய மகன் விவான் சுந்தரம் பெரியம்மாவைப் போலவே ஓவியரானார். தாத்தா உம்ராவ் சிங் எடுத்த குடும்பப் புகைப்படங்களை ஒன்றோடொன்று இணைத்து, தாம் பிறப்பதற்கு முன்பே மறைந்த பெரியம்மாவைப் பற்றி ஒரு படத்தொடரே உருவாக்கினார்.

அம்ரிதாவின் படங்களில் பெரும்பகுதி புது டெல்லியில், இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸ் என்ற கட்டடத்திலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அச்சில் வரும் பிரதிகளை நம்பாதீர்கள். அவற்றில் சிவப்பு கூடிப்போகும், ஐந்து வெள்ளையும் ஒரே வெள்ளையாகிவிடும். பள்ளிச் சுற்றுலாவில் டெல்லி போனால், செங்கோட்டைக்கும் குதுப் மினாருக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இந்தக் கூடத்துக்குக் கேட்டு வாங்குங்கள். 'பிரம்மச்சாரிகள்' அன்று சுவரில் இருந்தால், அதன் முன்னால் நின்று வேட்டிகளின் வெள்ளையை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.